ஒரு சாவி, ஒரு படி

எழுத்தாளர்களின் கையெழுத்துப் படிகளையும் பழைய சிற்றிதழ்களையும் ஸ்கேன் செய்து சேமிக்கும் இலக்கிய அன்பர்களிடையே அண்மைக்காலமாக ஒரு கருத்து ஊன்றிக்கொண்டு வருகிறது. மயிலாப்பூரில் எந்த இலக்கியக் கூட்டம் முடிந்து படியிறங்கினாலும் அதைக் கேட்கலாம். "எல்லாவற்றையும் கிளவுடில் போட்டாயிற்று, இனிக் கவலையில்லை" என்பதே அது. மூன்று படிகள், இரண்டு வகை ஊடகங்கள், ஒன்று வெளியிடத்தில் என்று சொல்லப்படும் பழைய விதி, டேப்பும் டிவிடியும் புழங்கிய காலத்துச் சடங்கு என்பது அவர்கள் முடிவு. கூகுள் போன்ற பெருநிறுவனம் நம் கோப்பைத் தன் பல கணினிகளில் பலமுறை படியெடுத்தே வைத்திருக்கிறது. அப்படியிருக்க, வீட்டு அலமாரியில் ஒரு வன்தட்டு எதற்கு என்று கேட்கிறார்கள்.

கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. அதனால்தான் அது ஆபத்தானது. முழுப் பொய்யை நம்பி யாரும் தம் தந்தையின் நோட்டுப்புத்தகங்களை இழப்பதில்லை.

இந்த நம்பிக்கையைத் தமிழ் இணையம் ஒருமுறை முழுவதுமாகச் சோதித்துப் பார்த்திருக்கிறது. 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் அகத்தியர், மரத்தடி, ராயர் காபி கிளப் முதலிய மடலாடற்குழுக்கள் யாஹூ குழுமங்களில் இயங்கின. இன்று பெயர் பெற்றிருக்கும் பலருடைய தொடக்க எழுத்துகளும், அவை குறித்து நடந்த நீண்ட சண்டைகளும் அங்கேதான் இருந்தன. அன்றைக்கு அதைக் கிளவுட் என்று யாரும் அழைக்கவில்லை. ஆனால் பொருள் அதுவே: நம் எழுத்து, வேறொருவருடைய கணினியில், வேறொருவருடைய செலவில். 2019 அக்டோபரில் யாஹூ நிறுவனம் பழைய மடல்களையும் கோப்புகளையும் நீக்கப்போவதாக அறிவித்தது. வேண்டியவர்கள் தரவிறக்கிக்கொள்ளச் சில வாரங்களே தரப்பட்டன. பின்னர் அந்தக் கெடு சற்று நீட்டப்பட்டது. 2020 டிசம்பர் 15 அன்று சேவையே முற்றாக மூடப்பட்டது. யாஹூவின் தரவு மையங்களில் ஒரு வட்டு எரியவில்லை, ஒரு கணினி பழுதாகவில்லை. நிறுவனம் தன்னிடம் எத்தனை படிகள் வைத்திருந்ததோ அத்தனையும் ஒரே வணிக முடிவால் ஒன்றாகப் போயின. எஞ்சியவை, யாரோ ஒருவர் தம் கணினியில் முன்பே இறக்கி வைத்திருந்தவையும், ஆர்வலர்கள் கடைசி நேரத்தில் திரட்டியவையும் மட்டுமே.

இந்நிகழ்ச்சியிலிருந்து எடுக்கவேண்டிய பாடம் "இணையத்தை நம்பாதே" என்பதன்று. படிகளை எப்படி எண்ணுவது என்பதே பாடம். ஒரே உத்தரவால் அழியக்கூடியவை பத்து இடத்தில் இருந்தாலும் அவை ஒரே படி. ஒரே சாவியால் திறக்கும் பூட்டுகளுக்குப் பின்னால் இருப்பதெல்லாம் ஒரே படி. மூன்று-இரண்டு-ஒன்று விதியை இந்த எண்ணிக்கை முறையோடு சேர்த்துப் படித்தால்தான் அதன் பொருள் விளங்கும்.

இந்த விதியைப் பரவலாக்கியவர் பீட்டர் குரோ என்னும் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர். மூலத்தையும் சேர்த்து மூன்று படிகள் வேண்டும். ஒன்று பழுதானபின், மீண்டும் படியெடுக்கும் இடைவேளையில் மற்றொன்றும் பழுதாகலாம் என்பதால். இரண்டு வகை ஊடகங்கள் வேண்டும். ஒரே வகைப் பொருள் ஒரே காரணத்தால் ஒரே காலத்தில் கெடும் என்பதால். ஒன்று வெளியிடத்தில் இருக்கவேண்டும். நெருப்பும் வெள்ளமும் ஒரு வீட்டுக்குள் புகுந்தால் அறை பார்த்து விலகிப் போவதில்லை என்பதால். மூன்று எண்களும் மூன்று தனித்தனிக் கேடுகளுக்கான விடைகள். ஒன்றைச் செய்து மற்றொன்றுக்கு ஈடு சொல்ல முடியாது.

விதி கணினிக்காரர்களுக்கு மட்டும் உரியது என்று எண்ணவேண்டாம். நம் ஊரிலேயே, மயிலாப்பூரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், தரமணியில் அதற்குச் சான்று இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாளெல்லாம் திரட்டிய நூல்களும் இதழ்களும் துண்டறிக்கைகளும் 1992இல் அவர் மறைந்தபோது ஒரே ஊரில், ஒரே உடைமையாக, காகிதம் என்னும் ஒரே ஊடகத்தில் இருந்தன. சிகாகோ பல்கலைக்கழகம் 1994இல் அத்தொகுப்பை வாங்கியது. வாங்கியதோடு கப்பலேற்றிக் கொண்டு போய்விடவில்லை. மூலங்கள் சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக நிலைபெற்றன. அவற்றை மைக்ரோஃபிலிமில் பதிவு செய்தார்கள். அந்தப் படச்சுருளின் படிகள் சிகாகோவுக்குச் சென்றன. காகிதத்தைத் தின்னும் பூச்சி படச்சுருளைத் தின்பதில்லை. சென்னையில் பெய்யும் மழை சிகாகோவை நனைப்பதில்லை. இங்கே ஒரு நிர்வாகம் தவறினாலும் அங்கே இருப்பதை அழிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. "கிளவுட்" என்ற சொல் கடைத்தெருவுக்கு வருவதற்கு முன்பே விதியின் மூன்று உறுப்புகளும் இங்கே நிறைவேறிவிட்டன.

இப்போது கிளவுட் அன்பர்களின் வாதத்துக்கு வருகிறேன். நிறுவனம் உள்ளே பல படிகள் வைத்திருக்கிறது என்பது உண்மை. அவை எதிலிருந்து காக்கின்றன என்று கேட்கவேண்டும். அந்நிறுவனத்தின் வட்டு பழுதாவதிலிருந்து காக்கின்றன. உங்கள் கையிலிருந்து காக்கவில்லை. பெரும்பாலோர் பயன்படுத்துவது ஒத்திசைவுச் சேவை. கணினியில் ஒரு கோப்புறையை அழித்தால் அது மேலேயும் அழியும். வீட்டுக் கணினியில் புகுந்த நச்சுநிரல் கோப்புகளைப் பூட்டிவிட்டால், பூட்டப்பட்ட வடிவம் உடனே மேலேறி நல்ல வடிவத்தின் இடத்தில் அமர்ந்துகொள்ளும். கூகுள் டிரைவில் அழித்தது குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும். பிறகு தானாக நீங்கும். அன்றாடம் புழங்கும் கோப்புக்கு 30 நாள் போதும். ஆண்டுக்கு ஒருமுறை திறந்து பார்க்கும் கையெழுத்துப் படிக்கு அது ஒன்றுமே இல்லை. தை மாதம் தவறி அழிந்தது, அடுத்த தையில்தான் தெரியவரும்.

இதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. எழுத்தாளர்கள் இறந்துபோகிறார்கள். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்கை அதன் உள்ளடக்கத்தோடு நீக்கலாம் என்பது கூகுள் 2023இல் அறிவித்த கொள்கை. அதே ஆண்டு டிசம்பர் முதல் அது நடைமுறைக்கு வந்தது. காசு கட்டிப் பெற்ற கூடுதல் இடத்துக்குக் காசு நின்றுபோய், அளவுக்கு மேற்பட்ட நிலையில் இரண்டு ஆண்டுகள் கழிந்தாலும் உள்ளடக்கம் நீக்கப்படலாம். எண்ணிப் பாருங்கள். ஒருவர் தம் அறுபது ஆண்டு எழுத்தையும் கிளவுடில் வைத்துவிட்டு மறைகிறார். கடவுச்சொல் அவரோடு போயிற்று. பிள்ளைகள் அமெரிக்காவில். முதல் ஆண்டுத் திதிக்கு வருகிறார்கள், அப்பாவின் எழுத்தைத் தொகுக்கவேண்டும் என்று பேசிக்கொள்கிறார்கள், திரும்பிவிடுகிறார்கள். இரண்டாம் ஆண்டும் அப்படியே. மூன்றாம் ஆண்டு ஒரு பதிப்பாளர் கேட்கும்போது கொடுக்க ஒன்றுமிராது. மரப்பெட்டியில் கிடந்த நோட்டு, யாரும் கட்டணம் கட்டாமலே இருபது ஆண்டு காத்திருந்தது. கிளவுடுக்கு அந்தப் பொறுமை கிடையாது.

கணக்கே முடக்கப்படுவதும் உண்டு. சான்ஃபிரான்சிஸ்கோவில் ஒரு தந்தை, மருத்துவருக்குக் காட்டுவதற்காகத் தம் குழந்தையின் உடலைப் படமெடுத்தார். தானியங்கிச் சோதனை அதைக் குற்றப்படம் என்று கொண்டு 2021இல் அவருடைய கூகுள் கணக்கை மூடியது. காவல்துறை விசாரித்துக் குற்றம் ஏதுமில்லை என்றபிறகும் கணக்கு திரும்பவில்லை என்று மறு ஆண்டு நியூயார்க் டைம்ஸ் எழுதியது. அவருடைய மடல்களும் படங்களும் நிறுவனத்தின் எத்தனையோ கணினிகளில் பத்திரமாகத்தான் இருந்திருக்கும். அவருக்கு அவை ஒரு படிகூட இல்லை.

"தனியார் நிறுவனங்களை விடுங்கள், அரசே ஒரு பெரிய கிளவுட் நடத்தினால் போதுமே" என்பார் உண்டு. தென்கொரியா நடத்தியது. அரசு ஊழியர்கள் தம் அலுவல் ஆவணங்களை வைப்பதற்காக ஜி-டிரைவ் என்னும் பொதுச் சேமிப்பு அங்கே இருந்தது. 2025 செப்டம்பர் 26 அன்று டேஜான் நகரிலுள்ள தேசியத் தகவல் மையத்தில் லித்தியம் மின்கலங்களை இடமாற்றும் பணியின்போது தீப்பற்றியது. ஜி-டிரைவில் இருந்த 858 டெராபைட் அழிந்தது. அதற்கு வெளிப்படி இல்லை. அளவு மிகப் பெரிது, ஆகவே வெளிப்படி எடுக்க முடியவில்லை என்பது சொல்லப்பட்ட விளக்கம். உலகின் மிகச்சிறந்த இணைய வசதியுள்ள நாடுகளுள் ஒன்றில், விதியின் கடைசி எண்ணாகிய ஒன்றை மட்டும் விட்டதன் விலை அது. மேகம் என்ற பெயர் நம்மை மயக்குகிறது. அது வானத்தில் இல்லை. ஏதோ ஓர் ஊரில், ஒரு கட்டடத்தில், மின்கலங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

அப்படியானால் கிளவுடை அறவே ஒதுக்கவேண்டுமா? எதிர்முனையிலிருந்து அப்படிச் சொல்லும் அன்பர்களும் உண்டு. ஒரே கடையில், ஒரே நாளில், ஒரே நிறுவனத்தின் மூன்று வன்தட்டுகளை வாங்கி, மூன்றையும் ஒரே பீரோவில் வைத்துவிட்டு, விதியை நிறைவேற்றிவிட்டதாக நம்புகிறவர்கள் அவர்கள். அவர்கள் 2015 டிசம்பரை நினைவுகூரவேண்டும். அடையாற்றின் வெள்ளம் கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் வீடுகளுக்குள் புகுந்தபோது பீரோவும் மூழ்கியது. "வெளியிடத்தில்தான் வைத்திருக்கிறேன், கோட்டூர்புரத்தில் தங்கை வீட்டில்" என்று மயிலாப்பூர்க்காரர் சொன்னால் அது வெளியிடம் ஆகாது. ஒரே மழை இரண்டு வீட்டையும் நனைக்கும் என்றால் அவை ஒரே இடம். வெளியிடம் என்பதைக் கிலோமீட்டரால் மட்டும் அளக்காமல், ஒரே பேரிடர் இரண்டையும் தொடுமா என்று கேட்டு அளக்கவேண்டும். கோயம்புத்தூர் வெளியிடம், திருச்சி வெளியிடம். உறவோ நண்பரோ அங்கே இல்லாதவருக்குக் கிளவுட் வெளியிடம். விதியில் அதன் இருக்கை அதுவே: கடைசி எண்ணாகிய ஒன்று. மூன்றும் அதுவாகிவிட முடியாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கச்சேரி சாலைக்குப் பின்னால் ஒரு வீடு, அங்கே மறைந்த எழுத்தாளர் ஒருவரின் 60 நோட்டுகள், ஒவ்வொன்றிலும் 200 பக்கங்கள் என்று கொள்வோம். மொத்தம் 12,000 பக்கங்கள். ஏ4 அளவுப் பக்கத்தை 300 டிபிஐ நுணுக்கத்தில் வண்ணத்தில் எடுத்தால், சுருக்கப்படாத டிஃப் கோப்பு ஒன்று ஏறத்தாழ 26 மெகாபைட். எல்லாம் சேர்ந்து 312 கிகாபைட். படிப்பதற்கு மட்டும் என்றால் ஜேபெக் வடிவில் 30 கிகாபைட்டுக்குள் அடங்கலாம். இலவசமாகக் கிடைக்கும் 15 கிகாபைட்டில் இரண்டுமே கொள்ளாது. இந்த இடத்தில்தான் பலர் இலவச அளவுக்குள் அடக்குவதற்காகப் பக்கங்களை நெருக்கிச் சுருக்கி, பென்சில் திருத்தங்கள் மறைந்துபோன படங்களைப் "பத்திரப்படுத்தி" விடுகிறார்கள்.

செய்யவேண்டியது இது. டிஃப் கோப்புகள் அனைத்தும் வீட்டுக் கணினியில் இருக்கட்டும், அது முதற்படி. அவை அப்படியே ஒரு வெளி வன்தட்டில் ஏறட்டும். அது இரண்டாம் படி. ஏற்றியவுடன் அந்த வன்தட்டைக் கழற்றி வைத்துவிடவேண்டும். கழற்றாத வன்தட்டு, நச்சுநிரலின் கண்ணில் கணினியின் இன்னொரு அறைதான். மூன்றாம் படி கிளவுடில். நொடிக்கு 20 மெகாபிட் மேலேற்றும் இணைப்பில் 312 கிகாபைட் ஏற 35 மணி நேரம் ஆகும். இரண்டு மூன்று இரவுகள், அவ்வளவே. வட்டு ஒருவகை, இன்னொருவர் நடத்தும் சேவை வேறுவகை. இரண்டும் ஒரே காரணத்தால் கெடுவதில்லை என்பதால் இரண்டு ஊடகம் என்ற நிபந்தனையும் நிறைவேறுகிறது. காகித நோட்டுகளைத் தூக்கி எறிந்துவிடாதிருந்தால் அது எல்லாவற்றுக்கும் மேலான மூலம்.

மூன்றாம் படியை ஏற்றும் முறையில் கவனம் வேண்டும். ஒத்திசைவுக் கோப்புறையில் அதைப் போடக்கூடாது. தொகுப்புக்கென்றே தனிக் கணக்கு ஒன்று தொடங்கி, அதன் கடவுச்சொல்லும் மீட்புக் குறியீடுகளும் தாளில் எழுதப்பட்டு இரண்டு பேரிடமாவது இருக்கவேண்டும். ஆர்குளோன் என்னும் இலவச நிரலைப் பயன்படுத்துவோர் இரண்டு கட்டளைகளின் வேறுபாட்டை அறிந்துகொள்வது நல்லது. sync என்பது இங்கே இல்லாததை அங்கேயும் அழிக்கும். copy என்பது அழிக்காது. அதோடு --immutable என்பதைச் சேர்த்தால், மேலே ஏற்கெனவே உள்ள கோப்பு இங்கே மாறியிருந்தால் அதன்மேல் எழுதாமல் பிழை காட்டி நிற்கும். கையெழுத்துப் படியின் ஸ்கேன் ஒருபோதும் மாறக்கூடாத பொருள் என்பதால் நமக்கு வேண்டியது அதுதான்.

```
rclone copy --immutable /media/disk1/nottu gdrive:nottu
rclone check /media/disk1/nottu gdrive:nottu
```

இரண்டாம் வரி, இங்குள்ளதும் அங்குள்ளதும் ஒன்றுதானா என்று ஒப்பிடுகிறது. வேறுபட்டால் எது சரி என்பதை அது சொல்லாது. அதற்கு ஸ்கேன் செய்த அன்றே ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு கைரேகை எடுத்து வைக்கவேண்டும். லினக்ஸ் கணினியில், கோப்புகள் உள்ள இடத்திலிருந்து:

```
sha256sum *.tif > nottu.sha256
sha256sum -c nottu.sha256
```

முதல் வரி பட்டியலை எழுதும். இரண்டாம் வரி பின்னொரு நாள் அதைச் சரிபார்க்கும். ஒரு கோப்பில் ஒரே ஒரு பிட் மாறியிருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். பட்டியல் மூன்று படிகளோடும் இருக்கட்டும். ஆண்டுக்கொருமுறை, சரஸ்வதி பூஜையன்று என்று வைத்துக்கொண்டாலும் சரி, வன்தட்டை மாட்டிச் சரிபார்க்கவேண்டும். கிளவுடிலிருந்து ஒரு நோட்டை முழுவதுமாக வேறொரு கணினியில் இறக்கிப் பக்கங்களைத் திறந்து பார்க்கவேண்டும். இறக்கிப் பார்க்காத காப்புப்படி நம்பிக்கை மட்டுமே. கணக்கு உயிரோடு இருப்பதும் அந்த ஒரு நாளில் நிறுவனத்துக்குத் தெரிந்துவிடும்.

இவ்வளவு பாடு எதற்கு என்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். ஆற்றுக்கும் தீக்கும் சுவடிகளைக் கொடுத்த கதைகளை உ.வே. சாமிநாதையர் எழுதிவைத்திருக்கிறார். அதைப் படித்து நாம் பெருமூச்சு விடுகிறோம். ஆனால் அவர் பதிப்பித்த நூல்கள் ஏன் பிழைத்தன என்பதை அவ்வளவாக நினைப்பதில்லை. மடத்தில் ஒரு சுவடி, கவிராயர் வீட்டுப் பரணில் ஒரு சுவடி, தென்பாண்டி நாட்டுச் சிற்றூரில் இன்னொன்று என்று, ஒருவரையொருவர் அறியாதவர்களின் கையில் படிகள் இருந்ததால் பிழைத்தன. ஒரு வீட்டார் ஆற்றில் விட்டபோது, மற்ற வீட்டின் சாவி அவர்களிடம் இல்லை. ஓலைக்குக் கிடைத்த அந்தப் பாதுகாப்பை, கிளவுடில் போட்டாயிற்று என்று சொல்பவர்கள் தாமாகவே கைவிடுகிறார்கள். அவர்கள் கையில் இருப்பது ஒரு சாவி. ஆகவே ஒரு படி.